காசு கணக்குத் தீர்ப்பதில்லை

பேச்சுக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. என் சட்டைப்பையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்திருக்கிறேன். சிங்கம் இருக்கிற பக்கம் தலை, எண் இருக்கிற பக்கம் பூ. பத்து முறை சுண்டுகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, நீங்கள் எழுந்து வந்து ஒவ்வொரு முறையும் என்ன விழுகிறது என்று உரக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் சந்தேகம் வரும்.

(சுண்டியதில் தலை 7, பூ 3.)

பத்தில் ஏழு தலை. இப்போது ஒரு கேள்வி. இதே காசை இன்னும் 990 முறை சுண்டி ஆயிரத்தை நிறைவு செய்யப்போகிறோம். அந்த 990இல் தலை அதிகம் விழுமா, பூ அதிகம் விழுமா? தலை என்பவர்கள் கை தூக்குங்கள். நாலைந்து பேர். பூ? அரங்கில் பாதிக்கு மேல். ஐயா, நீங்கள் பூ என்று கை தூக்கினீர்கள். ஏன் என்று சொல்ல முடியுமா?

ஐயா சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "நீண்ட நேரம் சுண்டினால் பாதிக்குப் பாதி வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இப்போது தலை அதிகமாக வந்துவிட்டது. அது பாதிக்கு வரவேண்டுமென்றால் இனிமேல் பூ கொஞ்சம் கூடுதலாக விழுந்துதானே ஆகவேண்டும்?" மிக நேர்மையான கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

என் சித்தப்பா ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்வதற்கு முந்தைய காலம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் விழுந்த கடைசி எண்களை எழுதி வைப்பார். எந்த எண் நீண்ட நாள் விழவில்லையோ அதில் முடியும் சீட்டாகத் தேடி வாங்குவார். "பாக்கி வைத்திருக்கிறது, தந்துதான் ஆகணும்" என்பார். ஐயா சொன்னதும் சித்தப்பா சொன்னதும் ஒரே கருத்து. காசோ எண்ணோ ஒரு பேரேடு வைத்திருக்கிறது, வரவு மிஞ்சினால் செலவெழுதி நேர் செய்துவிடும் என்கிற நம்பிக்கை.

காசிடம் பேரேடு கிடையாது. போன முறை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. அப்படியானால் விகிதம் எப்படித்தான் பாதிக்கு வருகிறது? நம் ஏழு தலையையே எடுத்துக்கொள்வோம். இனி வரும் 990இல் எந்த ஈடுகட்டலும் இல்லை, சரிபாதியாக 495 தலை விழுகிறது என்று வையுங்கள். மொத்தம் 502 தலை. ஆயிரத்தில் 502 என்றால் 50.2 சதவீதம். இன்று இருப்பது 70 சதவீதம். ஒரு பூகூடக் கூடுதலாக விழவில்லை, ஆனாலும் 70 இறங்கி 50.2க்கு வந்துவிட்டது. பத்தாயிரம் வரை போனால் 5,002, அதாவது 50.02 சதவீதம். நாம் இன்று சேர்த்துக்கொண்ட அந்த இரண்டு உபரித் தலையை யாரும் திருப்பித் தரவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரி, இருக்கிறது, ஆனால் வாசனை தெரியவில்லை.

ஆனால் இதில் நான் ஒரு இடத்தில் ஏமாற்றினேன். 990இல் சரிபாதி விழும் என்று சும்மா வைத்துக்கொண்டேன். அப்படித் துல்லியமாக விழாது. புது உபரிகள் வந்துகொண்டே இருக்கும். அவை எவ்வளவு பெரிதாகும்? பெருங்காயக் கட்டியும் கடலோடு சேர்ந்து வளர்ந்தால் என்ன ஆவது? உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அதற்குள் போகும் முன், உட்கார்ந்து பத்தாயிரம் முறை சுண்டிப் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜான் கெர்ரிக் என்பவர் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் கணிதம் கற்பித்தவர். 1940 ஏப்ரலில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் போயிருந்தார். ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் பிரஜைகள் எல்லோரையும் பிடித்து வைத்தார்கள். கெர்ரிக்கை ஜட்லாந்துப் பகுதியில் ஹால்ட் என்ற இடத்தில் இருந்த முகாமில் அடைத்தார்கள். முகாமை நடத்தியவர்கள் டென்மார்க் அரசினர், அதனால் சித்திரவதை ஏதும் இல்லை. நேரம்தான் மலைபோல் இருந்தது. கெர்ரிக்கும் உடனிருந்த எரிக் கிறிஸ்டென்சன் என்பவரும் சேர்ந்து ஒரு காசைச் சுண்டி, விழுந்ததை எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். பத்தாயிரம் முறை. போர் முடிந்தபின் 1946இல் அதை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார்.

அவருடைய எண்களை மெதுவாகச் சொல்கிறேன். முதல் பத்தில் 4 தலை. ஐம்பதாவது சுண்டலில் கச்சிதமாக 25. நூறு முடிந்தபோது 44, அதாவது பாதிக்கு 6 குறைவு. பிறகு தலை விரட்டிப் பிடிக்கிறது. 500இல் 255. 700இல் 368, இப்போது பாதியைவிட 18 அதிகம். ஆயிரத்தில் 502, உபரி வெறும் 2. நம் காசும் ஏறத்தாழ இங்கே வந்து நிற்கும் என்றுதானே சற்று முன் கணக்குப் போட்டோம்!

ஆயிரத்தோடு கெர்ரிக் நிறுத்தியிருந்தால், உபரி வற்றிப்போய்விடும் என்று ஐயா சொன்னதே சரி என்று தோன்றியிருக்கும். அவர் நிறுத்தவில்லை. 2,000இல் உபரி 13. 4,000இல் 29. 6,000இல் 9ஆக இறங்குகிறது. 8,000இல் 34. பத்தாயிரத்தில் மொத்தம் 5,067 தலை, உபரி 67.

இரண்டு இடங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு சுண்டலில் பாதியிலிருந்து 6 விலகல். பத்தாயிரத்தில் 67 விலகல். எண்ணிக்கையில் விலகல் பதினொரு மடங்கு பெருகிவிட்டது. அதையே சதவீதமாகப் பாருங்கள். நூறில் 6 என்பது 6 சதவீதம். பத்தாயிரத்தில் 67 என்பது 0.67 சதவீதம், ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. விலகல் வளர்கிறது, விகிதம் நெருங்குகிறது. இரண்டும் ஒரே காசில், ஒரே நேரத்தில். ஐயா பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொன்னது பேரெண் விதி. அதைத் தவறாகப் புரிந்துகொள்கிற எல்லோரும் சறுக்குகிற இடம் இது. எண்ணிக்கை நேராகும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. விகிதம் நெருங்கும் என்று மட்டும்தான் சொல்கிறது.

சரி, ஏன் இப்படி? பெருங்காயக் கட்டி ஏன் கடலோடு போட்டி போட முடியாமல் தோற்கிறது? இதற்குக் கல்லூரிக் கணிதம் தேவையில்லை. காகிதம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைக்கு ஒரு அடி முன்னே, பூவுக்கு ஒரு அடி பின்னே என்று ஒருவர் நடப்பதாக நினைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் அவர் தொடங்கிய இடத்திலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதுதான் நமக்கு வேண்டியது. அது தலைக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசம். அவர் இப்போது 6 அடி முன்னே நிற்கிறார் என்று வையுங்கள். அடுத்த சுண்டலில் 7க்குப் போவார், அல்லது 5க்கு வருவார். இரண்டுக்கும் சம வாய்ப்பு. தூரத்தின் சராசரி அதே 6தான், அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. இப்போது தூரத்தை வர்க்கம் செய்து பாருங்கள். 7இன் வர்க்கம் 49, 5இன் வர்க்கம் 25. இரண்டின் சராசரி 37. முன்பு இருந்தது 6இன் வர்க்கம், 36. ஒன்று கூடியிருக்கிறது.

10 அடியில் நின்றிருந்தால்? 11இன் வர்க்கம் 121, 9இன் வர்க்கம் 81, சராசரி 101. முன்பு 100. மறுபடியும் ஒன்றுதான் கூடியது. தொடக்கப் புள்ளியிலேயே நின்றால்? எந்தப் பக்கம் போனாலும் வர்க்கம் 1. பூஜ்யத்திலிருந்து ஒன்று. பின்பக்கம் நின்றாலும் இதே கணக்குதான். எங்கே நின்றாலும் ஒவ்வொரு சுண்டலும் தூர வர்க்கத்தின் சராசரியில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆக நூறு சுண்டலுக்குப் பின் தூர வர்க்கத்தின் சராசரி 100. அப்படியென்றால் தூரம் 10 அடி வாக்கில் இருக்கும். வழக்கமாக இருக்கும் என்று சொல்கிறேன், கட்டாயமாக என்று சொல்லவில்லை. பத்தாயிரம் சுண்டலுக்குப் பின் வர்க்கம் 10,000, தூரம் 100 அடி வாக்கில். பத்து லட்சம் சுண்டினால் 1,000 அடி. சுண்டல்கள் நூறு மடங்கு பெருகும்போது தூரம் பத்து மடங்குதான் பெருகுகிறது. கடல் நூறு மடங்கு, கட்டி பத்து மடங்கு. கட்டி தோற்பது இதனால்தான்.

பாதியைத் தாண்டிய உபரித் தலை என்பது இந்த தூரத்தில் பாதி. 100 சுண்டலில் உபரி 5 வாக்கில், அதாவது 5 சதவீதம். 10,000இல் 50 வாக்கில், 0.5 சதவீதம். பத்து லட்சத்தில் 500 வாக்கில், 0.05 சதவீதம். கெர்ரிக்கிடம் திரும்பிப் போங்கள். நூறில் அவருடைய விலகல் 6. நாம் எதிர்பார்த்தது 5 வாக்கில். பத்தாயிரத்தில் அவருக்கு 67, நமக்கு 50 வாக்கில். முகாமில் சுண்டிய அந்தக் காசு சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது.

முன்வரிசைத் தம்பி ஏதோ கேட்கிறார். "வாக்கில், வாக்கில் என்றே சொல்கிறீர்கள். ஒருவருக்கு மட்டும் கன்னாபின்னாவென்று விலகிப்போக முடியாதா?" முடியும். ஆனால் எத்தனை பேருக்கு முடியும் என்பதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. 1867இல் ரஷ்யாவின் செபிஷேவ் எழுதிய வழி அது. அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே பிரான்சின் பியெனமே அதைத் தொட்டிருந்தார். ஒரு நிலப் பங்கீடு மாதிரிதான் அது வேலை செய்கிறது.

ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் பத்தாயிரம் முறை சுண்டுகிறார்கள் என்று வையுங்கள். தூர வர்க்கம் ஆளுக்குச் சராசரியாக 10,000. ஆயிரம் பேருக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கோடி. பங்கிட இருப்பது அவ்வளவுதான். இவர்களில் யாருடைய தலை விகிதம் 48க்கும் 52க்கும் வெளியே போகிறது? அப்படிப் போக வேண்டுமானால் உபரி 200 வேண்டும், தூரம் 400 அடி, அதன் வர்க்கம் 1,60,000. கன்னாபின்னாவென்று விலகுகிற ஒவ்வொருவரும் அந்த ஒரு கோடியிலிருந்து குறைந்தது 1,60,000ஐ விழுங்குகிறார். அப்படி எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? வகுத்துப் பாருங்கள், 62 பேருக்கு மேல் இடம் இல்லை.

இப்போது ஆளுக்குப் பத்து லட்சம் முறை சுண்டட்டும். பங்கிட இருப்பது ஏறத்தாழ நூறு கோடி. ஆனால் 48க்கும் 52க்கும் வெளியே போக ஒருவருக்குத் தேவை 40,000 அடி, வர்க்கம் 160 கோடி. ஒருவருக்கே போதவில்லை. இந்தக் கடிவாளம் ரொம்பத் தளர்ச்சியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையில் பத்தாயிரம் முறை சுண்டும்போதே ஆயிரம் பேரில் ஒருவர்கூட அந்த எல்லையைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் தளர்ச்சியான கடிவாளமே விதியை நிறுவப் போதுமாக இருக்கிறது. அதுதான் இந்த வழியின் அழகு.

இந்த விதியை முதன்முதலில் நிரூபித்தவருக்கு இவ்வளவு சுலபமான வழி கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்து யாக்கோப் பெர்னூலி. நிரூபணம் வந்த புத்தகம் அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713இல் அச்சாயிற்று. அவர் காசை எடுக்கவில்லை. ஒரு பாத்திரத்தில் 3,000 வெள்ளைக் கூழாங்கல்லும் 2,000 கறுப்புக் கூழாங்கல்லும் இருப்பதாக வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டு, மறுபடி எடுக்க வேண்டும். வெள்ளையின் பங்கு உண்மையில் 60 சதவீதம். நாம் பார்ப்பது 58க்கும் 62க்கும் நடுவில் அமையும் என்று ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பந்தயம் கட்ட எத்தனை முறை எடுக்க வேண்டும்? அவர் கணக்கில் வந்த விடை 25,550. இன்றைய முறையில் போட்டால் அதில் ஏறத்தாழக் கால்பங்கு போதும். எனக்குப் பிடித்தது அந்தக் கேள்விதான். "நிறைய முறை" என்று அவர் விட்டுவிடவில்லை. எத்தனை முறை, எவ்வளவு நெருக்கம், எவ்வளவு நிச்சயம் என்று மூன்றையும் சேர்த்தே கேட்டார்.

இனி, விதி எங்கே உடையும்? நம் நடைக் கணக்கில் எல்லாமே ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. 6 அடியில் நிற்பவருக்கு முன்னும் பின்னும் சம வாய்ப்பு என்றேன். அவர் அங்கே எப்படி வந்தார் என்பது அடுத்த அடியைப் பாதிக்கக் கூடாது. இதைத்தான் சார்பின்மை என்கிறோம். நூறு காசுகளை ஒரு பலகையில் எல்லாம் தலை மேலாக ஒட்டி, பலகையைச் சுண்டுங்கள். நூறு தலை, அல்லது நூறு பூ. தூரம் எப்போதும் 100 அடி, வர்க்கம் 10,000. தனித்தனிக் காசாக இருந்தால் 100தான் இருந்திருக்கும். பலகையில் ஆயிரம் காசு ஒட்டினாலும், லட்சம் ஒட்டினாலும் விகிதம் பாதிக்கு வராது, நூறு சதவீதமோ பூஜ்யமோதான். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் பலகையை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. பாதி என்பதை விதி தருவதில்லை, காசு தருகிறது. கெர்ரிக் அதே முகாமில் ஒரு மரத்தட்டுக்கு ஒரு பக்கம் ஈயம் பூசி அதையும் ஆயிரம் முறை சுண்டினார். ஒரே பக்கம் 679 முறை மேலே விழுந்தது. அதன் விகிதமும் நிலைகொள்ளும், ஆனால் பாதியில் இல்லை, அந்தத் தட்டுக்கே உரிய ஓர் எண்ணில். விதி நம்மை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவே.

அப்படியானால் சாதாரணக் காசுக்கு அந்த எண் சரியாகப் பாதிதானா? இதைக் கடைசியாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அமெரிக்கக் கணிதவியலாளர் பெர்சி டயகோனிஸ் முன்பு மேடைகளில் செப்படி வித்தை காட்டியவர். அவரும் இரண்டு சகாக்களும் 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டைவிரலால் சுண்டும் காசு சற்றுத் தள்ளாடியபடி சுழல்கிறது, அதனால் சுண்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் விழ ஏறத்தாழ 51 சதவீத வாய்ப்பு என்றார்கள். இதைச் சோதிக்க எத்தனை முறை சுண்ட வேண்டும்? நம் நடைக்காரரைக் கேளுங்கள். ஆயிரம் சுண்டலில் தற்செயலாகவே 16 உபரி வந்துவிடும். சாய்வு ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்தால் அது தருவது 8 உபரிதான், சத்தத்தில் அமுங்கிவிடும். கெர்ரிக் மாதிரி பத்தாயிரம் சுண்டினால் தற்செயல் 50, சாய்வு 80. சந்தேகப்படலாம், அடித்துச் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் தொடங்கிய ஒரு குழுவினர், 48 பேர், 3,50,757 முறை சுண்டினார்கள். 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனை சுண்டலில் தற்செயல் தரக்கூடிய உபரி 300 வாக்கில். அவர்கள் கண்டது ஏறத்தாழ 2,700. தொடங்கிய பக்கமே விழுந்தது 50.8 சதவீதம். தலை, பூ என்று மட்டும் எண்ணினால் பாதிக்குப் பாதிதான், ஏனென்றால் தொடக்கத்தில் எது மேலே என்பது மாறி மாறி வந்தது.

தம்பி, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். இன்று நான் சுண்டிய பத்தில் எத்தனை முறை சிங்கம் மேலே இருக்கச் சுண்டினேன் என்று கவனித்தீர்களா? நானும் கவனிக்கவில்லை.